ஒரே நூல், இரண்டு மஞ்சள்

தொப்பி வியாபாரத்தில் ஆர்டர் கொடுக்கும் முன்பே படம் கேட்பார்கள். கிரிக்கெட் கிளப், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், கட்டுமான நிறுவனம் என்று யார் வந்தாலும், “எங்க லோகோ போட்டா எப்படி இருக்கும், ஒரு போட்டோ அனுப்புங்க” என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி தைத்து, விளக்கு வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் நன்றாக எடுத்த ஒரு தொப்பிப் படத்தை வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் எம்பிராய்டரி லோகோவை மட்டும் கணினியில் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

மாற்றிய படம் பெரும்பாலும் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும். நூல் தெரியவில்லை என்பதுதான் குறை என்று நினைத்து, இணையத்தில் கிடைக்கும் ஒரு நூல் கோட்டுப் படத்தை லோகோ முழுக்கப் பரப்பிவிடுவார்கள். அதன் பிறகும் கண் ஏற்காது. நூல் தெரிந்தும் ஏன் பொய்யாகத் தோன்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திசை தவறினால் வெளிச்சமும் தவறிவிடும்.

நூல் ஓடும் வழி

தொப்பி லோகோவில் அதிகம் புழங்குவது இரண்டு வகைத் தையல். எழுத்து, வளையம், ஓரக்கோடு போன்ற குறுகலான பகுதிகளுக்குச் சாட்டின் தையல். ஊசி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தாண்டி, உடனே திரும்பி வரும். நூல் எப்போதும் கோட்டின் குறுக்கே கிடக்கும். கோடு வளைந்தால் நூலும் கூடவே திரும்பும். அகலமான பகுதிகளுக்கு ஃபில் தையல். அங்கே நூல் ஒரே கோணத்தில் வரிசை வரிசையாக ஓடும். சுமார் 4 மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஊசி இறங்கும். அடுத்தடுத்த வரிசைகளில் அந்த இறங்குமிடங்கள் தள்ளித் தள்ளி அமைவதால் செங்கல் சுவர்போல் ஒரு அமைப்பு தெரியும்.

எம்பிராய்டரி யூனிட்களில் வழக்கமாக ஓடுவது 40ஆம் நம்பர் நூல். சாட்டின் தையலில் அடுத்தடுத்த இழைகளுக்கு நடுவே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பார்கள். படத்தில் நூலை எவ்வளவு தடிமனாக வரைவது என்பதை முடிவுசெய்ய இந்த ஒரு எண் போதும்.

இனி ஒளி. நூல் மிக மெல்லிய, பளபளப்பான உருளை. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாகப் படுத்திருக்கும் நூல், தன் வளைந்த முதுகின் ஏதோ ஒரு கோட்டில் அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்பிவிடும். மேலிருந்து கீழாக ஓடும் நூலால் அது எளிதில் முடியாது. எங்கேயாவது வளைந்து வெளிச்சத்தின் பக்கம் சாயும் இடத்தில் மட்டும்தான் அது மின்னும். ஆகவே, ஒரே கண்டிலிருந்து எடுத்த ஒரே மஞ்சள் நூல், படுக்கையாக ஓடும்போது ஒரு மஞ்சளாகவும் செங்குத்தாக ஓடும்போது இன்னொரு மஞ்சளாகவும் தெரியும். பட்டுப் புடவையைத் திருப்பினால் நிறம் மாறுவதுபோன்ற அதே சங்கதிதான் இங்கேயும் நடக்கிறது.

ஒரு தொப்பியை எடுத்துக்கொள்வோம்

கருநீலப் பருத்தித் தொப்பி. ஆறு துண்டுகள் சேர்த்துத் தைத்தது, ஆகவே நெற்றிக்கு நேர் நடுவில் ஒரு மூட்டு ஓடுகிறது. துணி ட்வில், சாய்வான மெல்லிய வரிகள் உற்றுப் பார்த்தால் தெரியும். இப்போது அதில் இருப்பது வெள்ளை நூலில் ஒரு வட்ட முத்திரை. அதை எடுத்துவிட்டு, மஞ்சள் நூலில் ‘ட’ என்ற எழுத்தும் அதைச் சுற்றி ஒரு வளையமும் வர வேண்டும். இரண்டும் சாட்டின் தையல். வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. வேலை ஃபோட்டோஷாப்பில்.

முதலில் அளவு. பழைய முத்திரையின் உயரம் நிஜத்தில் 55 மில்லிமீட்டர். படத்தில் அது 500 பிக்சல். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 9 பிக்சல். 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடக்கும் இழை ஒவ்வொன்றுக்கும் மூன்றரைப் பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. நிஜ அளவு தெரியாவிட்டால், பழைய லோகோவை நன்றாகப் பெரிதாக்கி, நூறு பிக்சலுக்குள் எத்தனை இழை என்று எண்ணினாலும் இதே கணக்கு வந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் நூலைக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எட்டு, பத்துப் பிக்சலில் வரைந்தால், எம்பிராய்டரி நூலுக்குப் பதில் கம்பளி நூல் கிடைக்கும். படமே சிறியதாக இருந்து ஒரு இழைக்கு இரண்டு பிக்சல்கூட வராவிட்டால், தனித்தனி இழையை வரைவதில் பயனில்லை. அங்கே வெளிச்ச வேறுபாட்டை மட்டும் காட்டினாலே போதும்.

அடுத்தது பழையதை அழிப்பது. புதிய வளையத்தின் நடுவே துணி தெரியப்போவதால், முத்திரை இருந்த இடத்தில் ட்வில் துணியை மறுபடி உருவாக்க வேண்டும். இதற்கான கருவி க்ளோன் ஸ்டாம்ப், அதாவது ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசுவது. மூட்டுக்கு இடப்பக்கத் துணியை இடப்பக்கத்திலிருந்தும், வலப்பக்கத்தை வலப்பக்கத்திலிருந்தும்தான் எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகளும் வெவ்வேறாக வளைவதால் ட்வில் வரிகளின் சாய்வு இரண்டிலும் ஒன்றாகத் தெரியாது. மாற்றி எடுத்தால் வரிகள் நடுவில் முறிந்து நிற்கும். தொப்பி உருண்டையாக இருப்பதால் நடுவில் வெளிச்சம் கூடி, ஓரத்தில் குறையும். எனவே முதலில் அந்த இடத்தில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் நிரப்பிவிட்டு, அதன்மேல் துணியின் வரிகளைத் தனி லேயராகக் கொண்டுவருவது நல்லது. இரண்டையும் ஒன்றாக நகலெடுத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பழைய லோகோ தன் எல்லைக்கு வெளியேயும் தடம் விட்டிருக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. தையல் துணியை இழுத்ததால் முத்திரையைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் இருக்கும். அதன் நிழல் கீழே விழுந்திருக்கும். வெள்ளை நூலில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தொப்பியின் முன்விளிம்பில் லேசான வெளிறலாகப் படிந்திருக்கும். முத்திரையை மட்டும் கச்சிதமாக அழித்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால், வட்டம் இருந்த இடம் தெரிந்துகொண்டே இருக்கும்.

நூலைத் தட்டையாக வரை, பிறகு வளை

புதிய லோகோவை நேரடியாகத் தொப்பிமேல் வரையக் கூடாது. தனியாக ஒரு தட்டைப் படத்தில், இறுதி அளவைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்துகொள்ள வேண்டும். பின்னால் வளைக்கும்போது மெல்லிய கோடுகள் கலங்கிப்போகாமல் இருக்க இந்தக் கூடுதல் அளவு உதவும்.

லோகோவைத் தையல் திசையின்படி துண்டாக்குவதுதான் இங்கே முக்கியம். ‘ட’வில் இரண்டு துண்டுகள். இடப்பக்கச் செங்குத்துக் கோட்டில் நூல் படுக்கையாக ஓடும். கீழே உள்ள படுக்கைக் கோட்டில் நூல் செங்குத்தாக ஓடும். இரண்டும் சந்திக்கும் மூலையில், தைப்பவர் சாய்வாக வெட்டியதுபோல் இரு திசைகளையும் சேர்த்திருப்பார். அல்லது ஒரு கோட்டின்மேல் இன்னொன்றை ஏற்றியிருப்பார். பழைய லோகோவில் மூலைகள் இருந்தால் அந்த யூனிட் எப்படித் தைக்கிறது என்று பார்த்து அதையே பின்பற்றலாம். வளையத்தில் நூல் மையத்திலிருந்து புறப்படும் ஆரங்கள்போல் எல்லாத் திசையிலும் விரியும். நேர்கோடுகளை வரைந்து, `Filter > Distort > Polar Coordinates` வழியாக அவற்றை வட்டமாகச் சுழற்றினால் இந்த அமைப்பு வந்துவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் ஒரே சீரான நடுத்தர மஞ்சள். அதன்மேல் நூல் கோடுகளுக்கு ஒரு சாம்பல் நிற லேயர். அதை `Overlay` முறையில் வைத்தால், சரிபாதிச் சாம்பல் எதையும் மாற்றாது. அதைவிட வெளிறிய கோடு கீழே உள்ள நிறத்தை வெளுக்கும். இருண்ட கோடு கருக்கும். இழைக்கு ஒரு வெளிறிய முதுகு, இரண்டு இழைக்கு நடுவே ஒரு இருண்ட பள்ளம் என்று கோடுகள் அமைய வேண்டும். எல்லாம் அச்சுப்போல் ஒரே சீராக இருந்தால் அது ஷட்டர் கதவுபோல் ஆகிவிடும். அங்கங்கே ஒரு கோடு சற்றுத் தடித்தும் ஒன்று சற்று விலகியும் இருக்கட்டும்.

கணினியில் எம்பிராய்டரி வரையும் டிஜிட்டைசர் ஏற்கெனவே தையல் கோப்பைத் தயாரித்துவிட்டார் என்றால் இவ்வளவு ஊகமும் தேவையில்லை. பெரும்பாலான இயந்திரங்கள் படிக்கும் `.dst` கோப்பில் ஊசி எங்கெங்கே இறங்குகிறது என்பது அப்படியே இருக்கும். நூலின் நிறம் மட்டும் அதில் இராது. இங்க்ஸ்கேப்புடன் இணைந்து இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் என்ற இலவச மென்பொருள், தையல்களை நூல்போலவே வரைந்து காட்டும். அதையே தட்டைப் படமாக எடுத்துக்கொண்டால், படத்தில் உள்ள திசையும் நாளை இயந்திரம் தைக்கப்போகும் திசையும் ஒன்றாகவே இருக்கும்.

தட்டைப் படம் தயாரானதும் அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, `Edit > Transform > Warp` கொண்டு தொப்பியின் வளைவுக்குப் பொருத்த வேண்டும். நூலும் நிறமும் சேர்ந்தே வளைய வேண்டும் என்பதால்தான் நூலை முன்கூட்டியே வரைகிறோம். தொப்பி பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் வளையம் சற்று ஒடுங்கும். அங்குள்ள இழைகளும் கூடவே நெருங்கும். வெற்று லோகோவை முதலில் வளைத்துவிட்டு நூல் கோட்டைப் பிறகு பூசினால், உருவம் உருண்டையாகவும் நூல் தட்டையாகவும் நிற்கும். நடு மூட்டு ஓடும் இடத்தில் துணி லேசாக மேடாக இருக்கும். தையல் அதன்மேல் ஏறி இறங்குவதால், அந்தச் செங்குத்துக் கோட்டில் எம்பிராய்டரியும் ஓரிரு பிக்சல் நெளிய வேண்டும்.

வெளிச்சம் கடைசியில்

நூலை வளைப்பதற்கு முன் வரைந்தோம். பளபளப்பை வளைத்த பின்தான் வரைய வேண்டும். தொப்பியில் நூல் கடைசியாக எப்படிச் சாய்ந்து கிடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தானே மின்னும்.

சாட்டின் தையல் தட்டையாகக் கிடப்பதில்லை. இரு கரையிலும் துணிக்குள் இறங்கி, நடுவில் பாலம்போல் மேடாக நிற்கும். ‘ட’வின் செங்குத்துக் கோட்டில் நூல் படுக்கையாக ஓடுவதால், மேலிருந்து வரும் வெளிச்சம் அந்த மேட்டின் உச்சியில், அதாவது கோட்டின் நடுவில், மேலிருந்து கீழ்வரை ஒரு பிரகாசமான பட்டையாக விழும். இரு கரைகளும் சற்று மங்கும். கீழே உள்ள படுக்கைக் கோட்டில் நூல் செங்குத்தாக ஓடுகிறது. அங்கே வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருப்பது மேல் கரைதான். எனவே பளபளப்பு மேல் கரையை ஒட்டி ஒரு மெல்லிய கீற்றாக வரும். மற்ற பகுதி முழுவதும் அடங்கிய மஞ்சளாக இருக்கும். மூலையில் இந்த இரண்டு மஞ்சளும் முட்டிக்கொள்ளும். அந்த முட்டல்தான் பார்ப்பவரை நம்பவைக்கிறது.

வளையத்தில் இது இன்னும் அழகாகத் தெரியும். கடிகாரத்தில் 3 மணிக்கும் 9 மணிக்கும் உரிய இடங்களில் நூல் படுக்கையாக இருப்பதால் அங்கே வளையத்தின் நடுவில் அகலமான பிரகாசம். 12 மணி இடத்தில் பளபளப்பு ஒடுங்கி வெளிக் கரைக்கு நகரும். 6 மணி இடத்தில் உள் கரைக்கு நகரும், ஏனென்றால் அங்கே மேல்பக்கம் இருப்பது உள் கரை. வளையம் முழுக்க ஒரே அளவு பளபளப்பு வைத்தால், அது நூலில் வந்த வளையமாகத் தெரியாது. பிளாஸ்டிக்கில் வார்த்ததாகத்தான் தெரியும்.

நிறத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மின்னும் இடத்தில் மஞ்சள் நூல் ஏறக்குறைய வெளிச்சத்தின் நிறத்தையே காட்டும். அது வெளிறிய மஞ்சள். பள்ளத்திலோ ஒளி பல இழைகளில் பட்டுப் பட்டு வருவதால் நிறம் ஆழ்ந்து, காவி கலந்த பழுப்பாக இறங்கும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் மஞ்சள் பச்சை தட்டி அழுக்காகிவிடும்.

கடைசியாக, லோகோவும் துணியும் சந்திக்கும் எல்லை. கணினியில் வரைந்த வளையத்தின் கரை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நிஜத் தையலில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் துணிக்குள் இறங்குவதால் கரை மிக நுண்ணிய ரம்பப் பல்போல் இருக்கும். லோகோவின் எல்லையை நூல் கோடுகளையே கொண்டு ஒரு பிக்சல் அளவுக்கு உடைக்க வேண்டும். வெளிச்சம் மேலிருந்து வருவதால் நிழல் கீழ்ப்பக்கம் மட்டுமே விழும். சாட்டின் தையலின் உயரம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது என்பதால் நமது படத்தில் மூன்று, நான்கு பிக்சல் நிழல் போதும். அதன் நிறம் கறுப்பு அல்ல, இன்னும் இருண்ட கருநீலம். பெரிய மங்கலான நிழல் வைத்தால் லோகோ துணியை விட்டு மிதக்க ஆரம்பிக்கும். பிறகு, படத்தின் மற்ற பகுதியில் கேமராவின் துகள் இரைச்சல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இரைச்சலையும், எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மையையும் புதிய லோகோவுக்கும் தர வேண்டும். தொப்பியைவிடக் கூர்மையான லோகோ உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

குறுக்குவழியில் இருக்கும் குழி

பழைய லோகோவிலேயே நிஜ நூல் இருக்கிறதே, அதை வெட்டித் திருப்பி ஒட்டினால் என்ன என்று தோன்றும். திசை மாறாத இடங்களில் அது மிக நல்ல வழி. படுக்கை நூலை எடுத்துப் படுக்கை நூலாகவே பயன்படுத்தலாம். திருப்பும்போதுதான் சிக்கல். அந்தத் துண்டில் ஒவ்வொரு இழையின் மேல்பக்கமும் வெளுத்து, கீழ்ப்பக்கம் கருத்திருக்கும். தலைகீழாகத் திருப்பினால் வெளுப்பு கீழே போய்விடும். கண் எப்போதும் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எண்ணிப் பழகியதால், மேடு பள்ளமாகத் தெரியும். தையல் துணிக்குள் அமுங்கியதுபோல் ஆகும். தொண்ணூறு பாகை திருப்பினால், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்ததாக ஒரு துண்டு மட்டும் சாட்சி சொல்லும்.

திசை சரியா என்று சோதிக்க எளிய வழி, படத்தைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது. மஞ்சள் மறைந்ததும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அப்போதும் ‘ட’வின் இரண்டு கோடுகளும் இரண்டு சாம்பலாகப் பிரிந்து தெரிந்தால் வேலை சரி. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டால், நூல் கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் திசை ஒளியாக மாறவில்லை என்று அர்த்தம். முழு அளவில் ஒருமுறையும், கைப்பேசித் திரையில் விரலகலத்துக்குச் சுருக்கி ஒருமுறையும் பார்க்க வேண்டும். சிறிதாக்கினால் இழைகள் மறைந்துவிடும். வாடிக்கையாளர் அப்போது காண்பது இந்த ஒளி வேறுபாட்டை மட்டும்தான்.

தைக்க முடிந்ததை மட்டும்

படத்தில் எதையும் வரையலாம். இயந்திரம் எல்லாவற்றையும் தைத்துத் தராது. சாட்டின் தையல் ஓரளவு அகலத்தைத் தாண்டினால் நூல் தளர்ந்து எதிலாவது மாட்டி இழுபடும். `.dst` கோப்பில் ஒரு தையலின் நீளம் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போகவும் முடியாது. ஆகவே, படத்தில் 15 மில்லிமீட்டர் அகலக் கோட்டைச் சாட்டினாகக் காட்டினால், நிஜத்தில் அது ஃபில் தையலாகவோ நடுவில் பிளந்த தையலாகவோதான் வரும், பளபளப்பும் மாறிவிடும். ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரைவது, நாலு மில்லிமீட்டர் உயரத்தில் முகவரி எழுதுவது போன்றவற்றைப் படத்தில் காட்டிவிட்டால், சரக்கு போன பிறகு வாடிக்கையாளர் அந்தப் படத்தைத்தான் எடுத்து நீட்டுவார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாகவே வரையறுத்திருக்கிறது. பிரபல நிறுவனத்தின் லோகோவை அனுமதியின்றி இப்படிப் பொருத்தி விற்பனைக்கு வைப்பது வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் வேறு வழக்காகும்.

எல்லா வேலைக்கும் இந்த வழியை நாட வேண்டியதும் இல்லை. ஒன்றிரண்டு நிறம், எழுத்து, வளையம், நட்சத்திரம் என்றிருந்தால் கணினியில் மாற்றுவது லாபம். நான்கைந்து நிறத்தில் மயிலோ கோபுரமோ வந்து, ஒவ்வொரு இறகுக்கும் ஒரு தையல் திசை என்றால், அத்தனை துண்டுகளுக்கும் ஒளி வரைந்து முடிக்கும் நேரத்தில் இயந்திரம் அதைத் தைத்தே முடித்துவிடும். அப்போது அதே நிறத் துணித்துண்டில் அதே நூலால் ஒரு மாதிரி தைக்கச் சொல்லி, தொப்பிப் படத்தில் வெளிச்சம் வந்த அதே பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டிப் படமெடுத்து, வளைத்துப் பொருத்திவிடலாம். துணித்துண்டைத் தட்டையாக வைக்காமல், தொப்பியின் வளைவுள்ள எதன்மேலாவது போர்த்தி எடுத்தால், பளபளப்பும் உரிய இடத்தில் தானாகவே வந்து உட்காரும். ஆர்டர் உறுதியானால் இயந்திரத்தில் ஏற்ற வேண்டிய கோப்பும் அதற்குள் சோதித்துத் தயாராக இருக்கும்.